சராசரிய எழுதறதுக்கு முன்னாடி n எவ்வளவுன்னு பாருங்க

பழைய கொஸ்டின் பேப்பர் போட்டுப் பார்க்கறப்ப எல்லாரும் கணக்கத்தான் பழகுவோம், கால்குலேட்டர யாரும் பழகறதில்ல. நானும் அப்படித்தான் இருந்தேன், ஒரு மாடல் எக்ஸாம்ல புள்ளியியல் கணக்குல மொத்தமா மார்க் போச்சு, அப்புறம்தான் புத்தி வந்துச்சு. என்கிட்ட இருக்கறது fx-991ES PLUS, கீழ சொல்ற பட்டன் எல்லாம் அதுக்குத்தான். வேற மாடல்ல மெனு நம்பர் மாறும், அதனால உங்க கைல இருக்கறதுல ஒருவாட்டி போட்டுப் பார்த்துக்கோங்க.

நான் பண்ண தப்பு இதுதான். வீட்ல ஸ்டாட்டுக்கு அலைவெண் காலம் வர்ற மாதிரி செட் பண்ணி வச்சிருந்தேன், மாசக்கணக்கா அது அப்படியே இருந்துச்சு, அது ஒரு செட்டிங்கறதே எனக்கு மறந்துபோச்சு. ஹாலுக்குள்ள போறப்ப மெமரிய கிளியர் பண்ணச் சொன்னாங்க, பண்ணேன். SHIFT 9 3 = AC அடிச்சா எல்லாமே ஃபேக்டரி நிலைக்குப் போயிடும். கோணம் டிகிரி, பின்னம் தகாபின்னமா வரும், ஸ்டாட் அலைவெண் OFF. கடைசில சொன்னதுதான் ஆளக் கவுத்துச்சு.

கணக்கு இந்த மாதிரி ஒண்ணு: பிரிவு இடைவெளி 0–10, 10–20, 20–30, 30–40, 40–50, அலைவெண் 3, 8, 15, 10, 4. சராசரி, திட்டவிலக்கம், மாறுபாட்டுக் கெழு மூணும் வேணும். நடு மதிப்பு 5, 15, 25, 35, 45னு வரிசையா அடிச்சேன், பக்கத்துல அலைவெண் காலமே இல்ல, பதட்டத்துல அது கண்ணுல படல, AC அடிச்சு சராசரி கேட்டேன், 25னு வந்துச்சு. நிஜ விடை 26. பார்த்தீங்களா, 25ங்கறது எவ்வளவு நம்பற மாதிரி இருக்கு! 90 வந்திருந்தா உடனே சந்தேகம் வந்திருக்கும். திட்டவிலக்கம் 14.14 வந்துச்சு, நிஜத்துல 10.68, அதையும் நம்பி எழுதிட்டு வந்துட்டேன்.

அதனால இப்ப என் பழக்கம், பழைய பேப்பர் எடுத்து உக்காரும்போது ஒவ்வொருவாட்டியும் முதல்ல ரீசெட் பண்ணிடுவேன், அப்புறம் ஹால்ல என்ன செய்வேனோ அதையே செய்வேன்:

```
SHIFT 9 3 = AC
SHIFT MODE ▼ 4 1
MODE 3 1
```

ரெண்டாவது வரி அலைவெண்ண ON பண்ணுது, மூணாவது ஒரு மாறி ஸ்டாட்டுக்குள்ள போகுது. இந்த வரிசைலதான் பண்ணணும், ஏன்னா டேட்டா எல்லாம் அடிச்ச பிறகு அலைவெண் செட்டிங்க மாத்துனா அடிச்சது மொத்தமா அழிஞ்சிடும்.

X காலத்துல அஞ்சு நடு மதிப்பையும் அடிங்க, ஒவ்வொண்ணுக்கும் =. அடிக்கறப்பவே பக்கத்துல FREQல தானா 1 வந்து உக்காரும். அப்புறம் அந்தக் காலத்துக்குப் போய் மேலேருந்து 3, 8, 15, 10, 4னு மாத்தணும். ஒரு வரிய தாவிட்டீங்கன்னா அங்க 1 அப்படியே நிக்கும், மெஷின் ஒண்ணும் சொல்லாது. அதனால AC அடிச்ச உடனே சராசரிய கேக்காதீங்க, முதல்ல n கேளுங்க, SHIFT 1 4 1 =. 40 வரணும், அலைவெண் எல்லாத்தையும் கூட்டுனா 40தானே. 5னு வந்தா அலைவெண்ணே ஆன் ஆகல. 31னு வந்தா 10 இருக்கற வரிய விட்டுட்டீங்க, 9 குறையுது பாருங்க. n சரியா வந்தாலும் ரெண்டு அலைவெண் இடம் மாறி விழுந்திருக்கலாம், அத n காட்டாது, அதுக்கு SHIFT 1 2 அடிச்சு டேபிளுக்குத் திரும்பப் போய் கண்ணால ஓட்டிப் பார்க்கறத தவிர வழி இல்ல.

அப்புறம் SHIFT 1 4 2 = அடிச்சா x̄, அதாவது 26. SHIFT 1 4 3 = அடிச்சா σx 10.677. அதுக்கடுத்த 4ல sx இருக்கும், அது 10.813, n−1ஆல வகுத்தது. கேள்வில கொடுத்ததே முழு டேட்டான்னா σx, மாதிரிய வச்சு மொத்தத்தோட விலக்கத்த மதிப்பிடச் சொன்னா sx. ரெண்டும் கிட்டக் கிட்ட இருக்கறதால மாத்தி எழுதினாலும் நமக்கு உறுத்தாது, திருத்தறவருக்கு உறுத்தும்.

இப்ப மெமரி. σx திரைல இருக்கும்போதே SHIFT RCL அடிச்சு A, x̄ வந்ததும் அதே மாதிரி B. இத ஸ்டாட்ட விட்டு வெளிய வர்றதுக்கு முன்னாடியே பண்ணிடணும், ஏன்னா மோட் மாத்துன உடனே டேபிள் போயிடும், A, B மட்டும் தங்கும். மாறுபாட்டுக் கெழுவுக்கு A÷B×100 போட்டா 41.07, ஒரு தசமத்துக்கு 41.1. பேப்பர்ல எழுதின 10.7ஐ எடுத்து திரும்ப 26ஆல வகுத்தா 41.15 வரும், அது 41.2 ஆயிடும். பாதி வழில ரவுண்ட் பண்ணதுக்கு விலை அது. Fix 2 போட்டு வச்சிருந்தாலும் பரவால்ல, அது திரைல காட்டறதத்தான் சுருக்கும், உள்ள முழு எண்ணும் பத்திரமா இருக்கும்.

பின்னத்துக்கு வேற ஒரு கண்ணி இருக்கு. 5 சிவப்பு 7 நீலம் பந்து, திரும்ப வைக்காம ரெண்டு எடுக்கறோம், ரெண்டும் ஒரே நிறமா இருக்க நிகழ்தகவு: 5/12 × 4/11 + 7/12 × 6/11. பின்ன பட்டன் அடிச்சு 5, கீழ 12 போட்டதும் ▶ அடிச்சு பின்னத்த விட்டு வெளிய வரணும், அப்புறம்தான் ×. முதல் பின்னத்துல மட்டும் அத மறந்தா மிச்சம் எல்லாம் 12க்குப் பக்கத்துல, பகுதிக்குள்ளயே போய் உக்காந்துக்கும், விடை 110/103னு வரும். S⇔D அடிச்சுப் பாருங்க, 1.068. நிகழ்தகவு 1ஐ தாண்டுதுன்னா கணக்கு தப்பில்ல, கர்சர்தான் தப்பு. சரியா போட்டா 31/66. பின்னமா பார்க்கறப்ப 110/103 அவ்வளவு தப்பாத் தெரியல, அதனால பின்னத்துல விடை கேட்டாலும் ஒருவாட்டி S⇔D அடிச்சு தசமத்துல பார்த்துட்டு திரும்ப மாத்திக்கறது என் வழக்கம்.

கோணத்துக்கு பெருசா ஒண்ணும் இல்ல, ரீசெட் பண்ணா டிகிரிதான் வரும், ஆனா நடுவுல ஒரு கேள்விக்கு ரேடியன் மாத்தினா திரும்ப மாத்த மறந்துபோறோம். sin 30 போட்டுப் பாருங்க, பாதி வந்தா டிகிரி, −0.988 வந்தா ரேடியன்ல நிக்குது.

இந்த மூணையும் ஒரே பேப்பர்ல கலந்து பழகுங்க, புள்ளியியல் கேள்வி முடிச்ச கையோட நிகழ்தகவு கேள்விக்குத் தாவுங்க, ஏன்னா ஸ்டாட் மோட்லயே நின்னுட்டு பின்னம் போட்டா மேல கீழ எழுதற அமைப்பு வராது, ஒரே வரியாத்தான் விழும், அப்ப பட்டன் கெட்டுப்போச்சோன்னு பயப்படுவோம், நான் பயந்தேன். MODE 1 அடிச்சா பழையபடி வந்துடும், A, B ரெண்டையும் சேமிச்சுட்டு அடிங்க.