92.40-ல் உறைந்த விலை

பெங்களூரு எச்.எஸ்.ஆர். லேஅவுட்டில் வாடகை வீட்டிலிருந்து நிஃப்டி ஆப்ஷன்களை ஒரு சிறிய நிரல் மூலம் வாங்கி விற்று வருகிறேன். ஒரு நாள் காலை நான் வைத்திருந்த கால் ஆப்ஷனின் விலை திரையில் 92.40 என்று நின்றிருந்தது. 80-க்குக் கீழே போனால் விற்றுவிட வேண்டிய நிரல் நான்கு நிமிடம் பேசாமல் இருந்தது. ஐயம் வந்து கைப்பேசிச் செயலியைத் திறந்தபோது அங்கே விலை 71 ஆகியிருந்தது.

பழைய விலையைக் கண்டறியும் சோதனை நிரலில் இல்லாமல் இல்லை. ஐந்து வினாடிகளாக எந்தத் தகவலும் வராவிட்டால் நிறுத்து என்று எழுதியிருந்தேன். ஆனால் இணைப்பு ஒருமுறை அறுந்து மீண்டும் சேர்ந்தபோது, அந்த ஒரு ஆப்ஷனின் விலையைத் தொடர்ந்து அனுப்பச் சொல்லும் சந்தா மட்டும் புதுப்பிக்கப்படாமல் விடுபட்டிருந்தது. மற்றவற்றின் டிக்குகள் எனப்படும் விலைப் புதுப்பிப்புகளும், இணைப்பு உயிரோடிருப்பதைக் காட்ட சர்வர் அனுப்பும் வெற்றுத் துடிப்புகளும் தொடர்ந்து வந்ததால், என் சோதனை திருப்தியாகவே இருந்தது. தபால்காரர் தினமும் வருகிறார் என்பதால் நம் கடிதமும் வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்ட கதைதான்.

எனவே ஒவ்வொரு ஆப்ஷனுக்கும் தனித்தனியாகக் காலம் கணக்கிடத் தொடங்கினேன். முதலில் கடைசியாக வர்த்தகமான விலை பத்து வினாடிகள் மாறாவிட்டால் எச்சரிக்கச் செய்தேன். அது ஓயாமல் பொய் எச்சரிக்கை தந்தது, ஏனெனில் நிஃப்டியின் தற்போதைய மட்டத்திலிருந்து தொலைவிலுள்ள ஸ்ட்ரைக்குகளில் நிமிடக்கணக்கில் வர்த்தகமே நடக்காமல் இருப்பது இயல்பு. ஆனால் வர்த்தகம் நடக்காவிட்டாலும், நிஃப்டி ஃபியூச்சர்ஸ் நகர்ந்தால் ஆப்ஷனை வாங்க, விற்கக் கேட்கும் விலைகள் கூடவே நகரும். ஆகவே அவை கடைசியாக மாறிய நேரத்தை ஃபியூச்சர்ஸின் நகர்வோடு ஒப்பிட்டேன்:

```python
age = now - last_quote_change[token]
moved = abs(fut_now - fut_price_at(now - age))
if age > 5 and moved > 10:
    block(token)
```

இங்கே ஒப்பீட்டுக்கு நிஃப்டி குறியீட்டை எடுக்காமல் ஃபியூச்சர்ஸை எடுத்ததற்குக் காரணம் உண்டு. குறியீடு என்பது கணக்கிட்டு வெளியிடப்படும் எண். 2021 பிப்ரவரி 24 அன்று தேசியப் பங்குச் சந்தையில் கோளாறு ஏற்பட்டு 11.40-க்கு வர்த்தகம் நிறுத்தப்படுவதற்கு முன்பே குறியீட்டு எண்கள் புதுப்பிக்கப்படாமல் நின்றிருந்தன. ஃபியூச்சர்ஸும் உறையக்கூடும் என்பதால், சந்தை இட்ட நேரமுத்திரை இரண்டு வினாடிகளுக்கு மேல் பழையதானால் அனைத்தையும் நிறுத்திவிடுகிறேன். அதற்கு என் கணினியின் கடிகாரம் சரியாக இருக்க வேண்டும் என்பதை, அது மூன்று வினாடி பிந்தி ஓடியதைக் கண்டபின்தான் உணர்ந்தேன். பிந்திய கடிகாரம் பழைய டிக்கைப் புதியதாகக் காட்டும்.

தடை விழுந்தால் நிரல் புது ஆர்டர் போடாது. தனி வழியில் ஒருமுறை விலையைக் கேட்டு, வேறுபட்டால் சந்தாவைப் புதுப்பிக்கும். ஸ்டாப் லாஸை இப்போது நிரலிடம் விடாமல் சந்தையிலேயே ஆர்டராக வைத்துவிடுகிறேன். மதிய வேளையில் ஃபியூச்சர்ஸ் பத்துப் புள்ளிகூட அசையாதபோது இந்தச் சோதனைக்குக் கண் தெரியாது; அந்நேரத்தில் 30 வினாடிக்கு ஒருமுறை விலையைக் கேட்டே சரிபார்க்கிறேன்.