வங்காள விலைச்சீட்டில் 890 என்று தெரிவது 470

கொல்கத்தாவிலோ டாக்காவிலோ எடுத்த படத்தில் விலை ৪৭০ என்றிருந்தால், கண் உடனே 890 என்று படிக்கும். அது 470. வங்காள எழுத்தில் ৪ என்பது நான்கு, ৭ என்பது ஏழு. பூஜ்யம் மட்டும் நமக்குப் பழகிய அதே வட்டம். அதை வைத்துத்தான் மற்ற இரண்டையும் நம்பிவிடுகிறோம். மங்கலான படத்தில் இன்னும் மோசம்.

உண்மையான எட்டு ৮, ஒன்பது ৯. ৮ இரட்டை வளையமாக இராது, அதைத்தான் முதலில் பாருங்கள். படத்தைப் பெரிதாக்கி, ஒவ்வொரு இலக்கத்தையும் ০১২৩৪৫৬৭৮৯ வரிசையோடு ஒப்பிட்டபின் தொகையை எழுதுங்கள். முன்னால் ৳ இருந்தால் அது பெரும்பாலும் வங்கதேச நாணயக் குறி.

வீட்டு எண் ৪৭ என்றால் அக்கம்பக்கத்துக் கதவுகளையும் சேர்த்துப் படமெடுங்கள். பக்கத்தில் ৫০, அதாவது 50, இருந்தால் 47 உறுதி. 89-க்குப் பக்கத்தில் 50 வராது.