வளைந்த டப்பா லேபிளை ஒற்றைப் படத்திலிருந்து படியெடுத்தது

மர வார்னிஷ் டப்பா ஒன்றின் படத்தில் இருக்கும் பயன்பாட்டுக் குறிப்பை எழுத்து விடாமல் படியெடுக்க வேண்டியிருந்தது. டப்பா இப்போது கையில் இல்லாததால், திருப்பி வைத்து இன்னொரு படம் எடுக்கும் வழியும் இல்லை. நடுப்பகுதி தெளிவாகத்தான் தெரிகிறது. இரு ஓரங்களுக்கும் போகப் போக எழுத்துகள் ஒடுங்கி, வரிகள் வில்லாக வளைந்துவிடுகின்றன.

எழுத்து ஒடுங்குவதைவிட வரி வளைவதுதான் முதலில் ஏமாற்றுகிறது. இந்தப் படத்தில் பொடி எழுத்து வரிகளுக்கு இடையே உள்ள தொலைவு 24 பிக்சல். அதே வரிகள் நடுவிலிருந்து 400 பிக்சல் தள்ளி ஓரத்துக்கு வரும்போது சுமார் 20 பிக்சல் மேலே ஏறிவிடுகின்றன. ஏறக்குறைய ஒரு முழு வரியின் உயரம் அது. ஆகவே இடது ஓரத்தில் ஐந்தாம் வரியைப் பிடித்துக் கண்ணை நேராக ஓட்டினால், நடுவில் நான்காம் வரிக்குள் நுழைந்து, வலது ஓரத்தில் மறுபடியும் ஐந்தாம் வரியிலேயே வந்து முடிகிறோம். தொடக்கமும் முடிவும் ஒரே வரியில் இருப்பதால், இடையில் வரி மாறியது தெரிவதே இல்லை. 'வைக்கவும்', 'பூசவும்' என்று ஒரே மாதிரி முடியும் வாக்கியங்கள் நிறைந்த குறிப்பில், இப்படிக் கலந்து வரும் வாக்கியமும் பொருள் தருவது போலவே தோன்றும் என்பதுதான் தொல்லை.

எனவே வாசிப்பதற்கு முன் படத்தை நிமிர்த்துவது என்று முடிவு செய்தேன். ஓரத்தை இழுத்து அகலமாக்கினால் போதும் என்று பலர் சொல்லும் எளிய சைன் கணக்கு, கேமரா மிகத் தொலைவில் இருந்தால் மட்டுமே பொருந்தும். கைக்கெட்டும் தொலைவில் எடுத்த படத்தில் டப்பாவின் முன்புறம் கேமராவுக்கு அருகிலும் ஓரங்கள் சற்றே தள்ளியும் இருப்பதால், எழுத்தின் அகலம், உயரம் இரண்டுமே இடத்துக்கு இடம் மாறுகின்றன. கேமராவிலிருந்து டப்பாவின் நடு அச்சு வரையுள்ள தொலைவை அதன் ஆரத்தால் வகுத்துக் கிடைக்கும் எண்ணை k என்று வைத்துக்கொண்டால், இரண்டு மாற்றங்களையும் ஒரே கணக்கில் அடக்கிவிடலாம்.

```python
import cv2, numpy as np
img = cv2.imread("tin.jpg")
xc, R, yh, k = 812, 500, 640, 5.0
A = R * np.sqrt(k*k - 1)
n = int(2.1 * A / (k - 1))
t, Y = np.meshgrid(np.linspace(-1.05, 1.05, n),
                   np.arange(img.shape[0]))
d = k - np.cos(t)
mx = xc + A * np.sin(t) / d
my = yh + (Y - yh) * (k - 1) / d
flat = cv2.remap(img, mx.astype("float32"),
                 my.astype("float32"), cv2.INTER_CUBIC)
cv2.imwrite("flat.png", flat)
```

இதில் நாம் தர வேண்டியவை நான்கே எண்கள். டப்பாவின் இடது விளிம்பு 312-ஆம் பிக்சலிலும் வலது விளிம்பு 1312-ஆம் பிக்சலிலும் இருப்பதால், நடுக்கோடு xc 812 என்றும், பாதி அகலம் R 500 என்றும் கிடைக்கின்றன. yh என்பது கேமராவின் மட்டம். அதற்கு மேலே உள்ள வரிகள் நடுவில் உயர்ந்தும், கீழே உள்ளவை நடுவில் தாழ்ந்தும் வளைந்திருக்கும். இரண்டுக்கும் இடையே எந்த வரி வளையாமல் நேராகக் கிடக்கிறதோ, அதன் உயரமே yh.

மிஞ்சியிருப்பது k. படம் எடுத்த தொலைவு எனக்குத் தெரியாது; ஆனால் வரிகளின் வளைவே அதைக் காட்டிக் கொடுக்கிறது. நான் அளந்த பொடி எழுத்து வரி, கேமரா மட்டத்திலிருந்து 300 பிக்சல் கீழே இருக்கிறது. k 4 என்று வைத்தால், ஓரத்தில் அந்த வரி 24 பிக்சல் ஏறியிருக்க வேண்டும். 7 என்று வைத்தால் 15 பிக்சல்தான். 5 என்று வைத்தால் கண்ட 20 பிக்சல் சரியாக வருகிறது. கணக்குப் போடப் பொறுமை இல்லாதவர்கள் k-ஐ மாற்றி மாற்றி ஓட்டிப் பார்க்கலாம். எண் கூடிவிட்டால் நிமிர்த்திய படத்தில் பழைய வளைவின் மிச்சம் இருக்கும், குறைந்துவிட்டால் வரி எதிர்ப்பக்கமாக வளையும். டப்பாவின் இரு விளிம்புகளும் படத்தில் இணையாக நிற்கும்போதுதான் இது பலிக்கும். கேமராவைச் சாய்த்து எடுத்ததால் விளிம்புகள் ஒரு பக்கம் குவிந்திருந்தால், முதலில் அந்தச் சாய்வைச் சரி செய்ய வேண்டும். கழுத்தை நோக்கிக் குறுகும் புட்டிக்கு இந்தக் கணக்கு உதவாது.

நிமிர்த்திய பிறகு வரிகள் கோடு போட்டது போல வந்துவிட்டன. ஆனால் ஓர எழுத்துகள் அகலத்தைத் திரும்பப் பெற்றனவே தவிர, தெளிவைப் பெறவில்லை. இல்லாத பிக்சலை எந்தக் கணக்காலும் கொண்டுவர முடியாது. இந்தப் படத்தில் நடுவிலிருந்து 45 பாகை தள்ளியுள்ள எழுத்து, நடுவில் இருக்கும் எழுத்தின் அகலத்தில் சுமார் 55 விழுக்காடாகவும், 60 பாகையில் 30 விழுக்காடாகவும் ஒடுங்கியிருக்கிறது. அதாவது நடுவில் 24 பிக்சல் அகலமுள்ள 'ண', 60 பாகையில் ஏழு பிக்சலுக்குள் நசுங்கிக் கிடக்கிறது. அதை இழுத்துப் பழைய அகலத்துக்குக் கொண்டுவந்தாலும் சுழிகள் ஒன்றோடொன்று ஒட்டிய கறையாகவே தெரியும். மூன்று சுழியா இரண்டு சுழியா என்று எண்ண முடியாது.

வலது ஓரத்தில் அப்படி ஒரு சொல் சிக்கியது. 'பணியின்போது காற்றோட்டம் தேவை' என்றும் படிக்கலாம், 'பனியின்போது காற்றோட்டம் தேவை' என்றும் படிக்கலாம். வார்னிஷ் டப்பாவில் இரண்டுமே இருக்கக்கூடியவைதான். பொருளை வைத்து ஊகிப்பதைவிட அளந்து பார்ப்பது மேல் என்று தோன்றியது. சுழி அழிந்தாலும், நிமிர்த்திய படத்தில் எழுத்தின் மொத்த அகலம் அழிவதில்லை. அதே எழுத்துருவில், அதே அளவில் நடுப்பகுதியில் இருக்கும் 'ண' 24 பிக்சல், 'ன' 17 பிக்சல். ஓரத்துக் கறை, மேலே உள்ள இகரக் கொக்கியைச் சேர்க்காமல், 23 பிக்சல் வந்தது. எனவே 'பணி' என்றே எழுதினேன். அளவை நம்புவதற்கு முன், ஐயமற்ற ஓர் எழுத்தை அதே ஓரத்தில் அளந்து நடுவில் இருக்கும் அதன் இணையோடு ஒப்பிட்டுக்கொள்வது நல்லது. அந்த வரிசையில் இருந்த 'ம்' நடுவில் இருப்பதோடு ஒரு பிக்சல் வேறுபாட்டில் ஒத்துவந்ததால்தான் 23 என்ற அளவுக்கு மதிப்பு.

புள்ளிகளை இப்படி மீட்க முடியவில்லை. ஓரத்தில் ஒளி பட்டு வெளிறிய கீற்று ஒன்று மேலிருந்து கீழாக ஓடுகிறது. அதற்குள் விழுந்த மெய்யெழுத்துகளின் புள்ளிகள் மறைந்துவிட்டன. அவற்றைச் சொல்லின் போக்கை வைத்தே இட்டேன், இட்ட இடங்களைச் சதுர அடைப்புக்குள் வைத்தேன். கல்வெட்டுப் பதிப்புகளில் ஐயமான எழுத்துக்கு அடியில் புள்ளி வைக்கும் வழக்கம் உண்டு. தமிழில், அதுவும் புள்ளியே ஐயமாக இருக்கும் இடத்தில், சதுர அடைப்பே குழப்பம் தராது.

எண்களுக்கு அகல அளவும் கைகொடுக்கவில்லை. 'அடுத்த பூச்சுக்கு முன் உலர விட வேண்டிய நேரம்' என்ற வரி இடது ஓரத்தில் ஓர் இலக்கத்தோடு தொடங்குகிறது; அது 6 அல்லது 8. இந்த எழுத்துருவில் இலக்கங்கள் அனைத்துக்கும் ஒரே அகலம், இரண்டையும் பிரித்துக் காட்டும் மேல் வலப்புறத் திறப்போ இரண்டு பிக்சல்கூட இல்லை. '6 மணி' என்பதே வழக்கமாக இருக்கும் என்று எண்ணி நிரப்பத் தோன்றும். ஆனால் இந்த எண்ணைப் பார்த்து யாரேனும் இரண்டாம் பூச்சைப் பூசக்கூடும் என்பதால், படியில் அது [6/8] மணி என்றே நிற்கிறது.