ஒரு சோ, இரண்டு கணக்கு

வியட்நாமிய மொழிபெயர்ப்பில் என்னை அதிகம் நிறுத்தி வைப்பது 'சோ' என்ற குட்டிச் சொல்தான். அடிப்படைப் பொருள் 'கொடு'. (குரலை மேலே ஏற்றினால் நாய் ஆகிவிடும், ஜாக்கிரதை.)

'மே முவா சோ கோன் காய் ஆவ்': அம்மா பிள்ளைக்குச் சட்டை வாங்கிக் கொடுத்தார். 'வாங்கிக் கொடு' நம்மிடமே இருப்பதால் இது சுலபம். 'சோ கோன் தி சோய்' என்று பிள்ளை கெஞ்சினால் 'விளையாடப் போக விடுங்க'. காப்பியில் சர்க்கரை போடுவதற்கும் இதே சோதான்.

சிக்கல் பணத்தில் வருகிறது. நேற்று ஒரு உரையாடலில், 'அன் ட்ரா தியென் சோ எம் ரோய்'. 'அண்ணன் எனக்குப் பணம் கொடுத்துவிட்டார்' என்றும் கொள்ளலாம், 'எனக்காகப் பணம் கட்டிவிட்டார்' என்றும் கொள்ளலாம். தமிழில் '-க்கு'வா, '-க்காக'வா என்று முடிவு செய்தே தீரவேண்டும்.

முந்தைய பக்கத்தைத் திருப்பினேன். இருவரும் உணவகத்தில் இருக்கிறார்கள், பில் வந்திருக்கிறது. சரி, '-க்காக'. சோவுக்குப் பதில் தெற்கத்தியர் 'யூம்' என்றோ வடக்கத்தியர் 'ஹோ' என்றோ சொல்லியிருந்தால் 'எனக்காக' என்பது அங்கேயே தெரிந்திருக்கும்.