மேட்டுல வாட்ச்சைப் பார்க்காதீங்க

மரம் அடர்ந்த பாதையில ஓடும்போது வாட்ச்சோட ஜிபிஎஸ் காட்டுற வேகம் தாறுமாறா குதிக்கும். மேடு வந்தா இன்னொரு சிக்கல்: மணிக்கட்டுல தெரியுற இதயத்துடிப்பு, நம்ம உழைப்புக்குப் பின்னாடிதான் ஏறும். அதனால பத்துக்கு எத்தனைன்னு உழைப்பையே அளக்குறேன். ஈஸி ரன்னுக்கு 4, அதாவது முழு வாக்கியமா பேச வரணும். சமதரையில கிலோமீட்டருக்கு 6 நிமிஷத்துல ஓடுறவருக்கு, அதே 4-ல மேடேறும்போது ஏழரை ஆகலாம். ஆகட்டுமே! ரெண்டு மூணு வார்த்தைக்கே மூச்சு வாங்கினா உழைப்பு 7-க்குப் போயாச்சு. அடியைச் சுருக்குங்க, தேவைப்பட்டா நடங்க. உச்சி தாண்டினதும் பாயாதீங்க, மூச்சு 4-க்குத் திரும்பட்டும்.

இறக்கத்துல மட்டும் இந்தக் கணக்கு ஏமாத்தும். மூச்சு 3-ன்னு சொல்லும், தொடை அடி வாங்கிட்டிருக்கும். அங்க தொடை எவ்வளவு இறுகுதுன்னுதான் பாக்குறேன்.