கோழிக்கு ஒரு தேதி, தேங்காய்ப்பாலுக்கு ஒரு தேதி

கிழக்கு லண்டனில் ஓர் உணவகத்தில் சமையலுக்குச் சேர்ந்த மூன்றாம் வாரம், உணவுப் பாதுகாப்பு இரண்டாம் நிலைச் சான்றிதழ் எடுக்கச் சொன்னார் முதலாளி. ஒரு நாள் வகுப்பு, அதன் முடிவில் ஒரு மணி நேரத் தேர்வு. 30 கேள்விகள், எல்லாமே நான்கு விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் வகை. 20 சரியாக இருந்தால் தேர்ச்சி. பதினோரு வருடம் அடுப்படியில் நின்றவனுக்கு இதெல்லாம் ஒரு தேர்வா என்று நினைத்துக்கொண்டு, முந்தைய வாரம் பயிற்சித் தாள் ஒன்றை எழுதிப் பார்த்தேன். உணவு உறையில் அச்சிடும் தேதி பற்றி நான்கு கேள்விகள் இருந்தன. நான்கும் தவறு.

அதில் ஒன்று இன்னும் மனப்பாடமாக இருக்கிறது. 'குளிர்சாதனப் பெட்டியில் உள்ள கோழித் துண்டுகளின் யூஸ் பை தேதி நேற்றோடு முடிந்துவிட்டது. நீங்கள் என்ன செய்ய வேண்டும்?' விடைகள் இவை: முகர்ந்து பார்த்து, நன்றாக இருந்தால் சமைக்கலாம், நன்கு கொதிக்க வைத்துப் பரிமாறலாம், உடனே உறைய வைக்கலாம், எறிந்துவிட்டு மேற்பார்வையாளரிடம் சொல்ல வேண்டும். நான் இரண்டாவதைக் குறித்திருந்தேன். ஒரே நாள் தாண்டிய கோழி, அதையும் கொதிக்க வைத்த பிறகு என்ன ஆகிவிடும் என்பது என் நினைப்பு.

எங்கள் சமையலறையின் மூத்தவர் யாழ்ப்பாணத்துக்காரர். இருபது வருடமாக லண்டனில் இருக்கிறார். தாளைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "தம்பி, உங்களுக்குச் சமையல் தெரியும். அதுதான் பிரச்சினை" என்றார். அவர் சொன்னதன் பொருள் எனக்குப் பிறகுதான் விளங்கியது. அந்தக் கேள்வியில் தவறான மூன்று விடைகளும் சமையல் தெரிந்தவர்களுக்காகவே வைக்கப்பட்டவை. மூக்கு, நெருப்பு, உறைபெட்டி ஆகிய மூன்றையும் நம்பித்தான் நாம் காலம் தள்ளியிருக்கிறோம். தேர்வு அந்த மூன்றையும் வரிசையாக நிறுத்தி, எதில் விழுகிறோம் என்று பார்க்கிறது.

என் குழப்பத்தின் வேர் மொழியில் இருந்தது. ஊரில் பிஸ்கட் பாக்கெட், பால் கவர், மாத்திரை அட்டை எதுவானாலும் அதில் இருப்பதற்கு ஒரே பெயர்தான்: காலாவதித் தேதி. ஆங்கிலத்தில் அச்சிட்டிருந்த சொற்களை யாரும் படித்ததில்லை, எண்ணை மட்டும் பார்ப்போம். பிரிட்டனில் அந்தச் சொல்தான் முக்கியம். யூஸ் பை என்றால் அந்த நாளுக்குப் பிறகு உண்பது ஆபத்து. பெஸ்ட் பிஃபோர் என்றால் அந்த நாளுக்குப் பிறகு சுவையோ மொறுமொறுப்போ நிறமோ குறையலாம், ஆபத்து என்று பொருளல்ல. முதலாவது உடல்நலம் சார்ந்தது, இரண்டாவது தரம் சார்ந்தது. இதை மனப்பாடம் செய்வது பத்து நிமிட வேலை. ஆனால் பொருள் என்ன என்று நேராகக் கேட்கும் கேள்வி ஒன்றுதான் வரும். மற்றவை எல்லாம், அதை வைத்து என்ன செய்வாய் என்று கேட்பவை.

வகுப்பில் பயிற்றுநர் அந்தக் கோழிக் கேள்வியை எடுத்து அரை மணி நேரம் பேசினார். முகர்ந்து பார்ப்பது ஏன் தவறு? உணவை நாற வைக்கும் கிருமிகள் வேறு, நோய் தரும் கிருமிகள் வேறு. லிஸ்டீரியா என்ற பாக்டீரியா குளிர்சாதனப் பெட்டியின் குளிரிலும் மெதுவாக வளரும். நோய் வரும் அளவுக்குப் பெருகினாலும் உணவின் வாசனையோ நிறமோ மாறாமல் இருக்கலாம். கொதிக்க வைப்பது ஏன் தவறு? சில பாக்டீரியாக்கள் விட்டுவைக்கும் நஞ்சு கொதிநிலையையும் தாங்கும். உறைய வைப்பது ஏன் தவறு? உறைபெட்டி கிருமியைக் கொல்வதில்லை, வளர்ச்சியை நிறுத்தி மட்டுமே வைக்கிறது. நேற்றே கெடு முடிந்த பொருளை இன்று உறைய வைத்தால், முடிந்த கெடுவையும் சேர்த்துத்தான் உறைய வைக்கிறோம்.

இவற்றுக்கெல்லாம் மேலே சட்டம் இருக்கிறது. யூஸ் பை தேதி தாண்டிய உணவு பாதுகாப்பற்றது என்றே சட்டம் கொள்கிறது. உண்மையில் அது கெட்டதா இல்லையா என்ற கேள்விக்கே இடமில்லை. பர்மிங்காமில் உள்ள டெஸ்கோ கடைகளில் தேதி முடிந்த உணவு அலமாரியில் இருந்ததற்காக வழக்கு வந்தபோது, அந்த உணவால் யாருக்கும் தீங்கு நேர்ந்திருக்காது என்று நிபுணர் சாட்சியத்தைக் கொண்டுவந்தது நிறுவனம். அந்த வாதம் செல்லாது என்று 2020இல் உயர் நீதிமன்றம் சொல்லிவிட்டது. 2021இல் விதித்த அபராதம் 75 லட்சம் பவுண்டுக்கும் மேல். நுண்ணுயிர் நிபுணரின் சொல்லே எடுபடாத இடத்தில் என் மூக்குக்கு என்ன மரியாதை என்று தோன்றியது. அதன் பிறகு 'முகர்ந்து' என்று தொடங்கும் விடையைப் பார்த்தாலே கை விலகிவிட்டது.

ஆனால் ஒரு பொறியிலிருந்து தப்பினால் அதன் நேரெதிர்ப் பொறியில் மாட்டுவோம். எல்லாத் தேதிக்கும் பயந்து 'எறிந்துவிட வேண்டும்' என்றே குறிக்கத் தொடங்கினேன். இரண்டாம் பயிற்சித் தாளில் அதற்கும் மதிப்பெண் போனது. 'பெஸ்ட் பிஃபோர் போன மாதம் முடிந்த பாஸ்தா கிடங்கில் இருக்கிறது. எது சரி?' என்ற கேள்விக்கு, பயன்படுத்துவது குற்றம் என்று குறித்தேன். சரியான விடை வேறு: உறை பிரியாமல், பூச்சி புகாமல், சரியாக வைத்திருந்தால் பயன்படுத்தலாம், தரம் மட்டும் சற்றுக் குறையலாம். விற்பதுகூடச் சட்டப்படி குற்றமில்லை.

அடுத்த வகைக் கேள்வி, எந்த உணவில் எந்தத் தேதி இருக்கும் என்பது. தகர டப்பாத் தக்காளி, உறைந்த பட்டாணி, உலர்ந்த பாஸ்தா, சமைத்த இறைச்சித் துண்டுகள் ஆகிய நான்கில் யூஸ் பை எதற்கு என்று கேட்டால் சுலபம்: விரைவில் கெட்டு ஆளை வீழ்த்தக்கூடியது எதுவோ அது. ஆனால் முட்டையில் பாதிப் பேர் விழுந்தார்கள், நானும்தான். முட்டை பயமுறுத்தும் பொருள், ஆகவே யூஸ் பை என்று நினைத்தோம். பிரிட்டனில் முட்டைக்கு பெஸ்ட் பிஃபோர்தான். பால் இன்னும் வேடிக்கை. மாரிசன்ஸ் கடைகள் 2022இல் தங்கள் சொந்தப் பெயரில் விற்கும் பாலின் பெரும்பகுதிக்கு யூஸ் பையை எடுத்துவிட்டு பெஸ்ட் பிஃபோர் போட்டன; முகர்ந்து பார்த்துக் குடியுங்கள் என்றும் சொல்லின. மூக்கை நம்பாதே என்று அரை மணி நேரம் கேட்ட எங்களுக்கு இது விளையாட்டாகத் தெரிந்தது. விஷயம் இதுதான்: எந்தத் தேதியைப் போடுவது என்பதை, பொருளின் தன்மையைச் சோதித்துத் தயாரிப்பாளர் முடிவு செய்கிறார். யூஸ் பை போட்டுவிட்டால் அதற்குப் பிறகு சமையல்காரனின் கருத்துக்கு இடமில்லை. பெஸ்ட் பிஃபோர் போட்டால் கண்ணுக்கும் மூக்குக்கும் வேலை உண்டு. உணவைப் பார்த்து ஊகிக்காமல், உறையில் உள்ள சொல்லைப் படிக்க வேண்டும்.

என்னை அதிகம் திணற வைத்தவை நாள் எண்ணும் கேள்விகள். ஒன்றை அப்படியே சொல்கிறேன். கிரீம் டப்பா ஒன்றில் யூஸ் பை ஜூன் 14. 'திறந்த பின் 3 நாட்களுக்குள் பயன்படுத்தவும்' என்றும் அச்சிட்டிருக்கிறது. ஜூன் 8 அன்று திறந்தாயிற்று. இன்று ஜூன் 12. பயன்படுத்தலாமா? 14 வரவில்லையே என்று பென்சில் தானாக 'ஆம்' பக்கம் போகும். கூடாது. மூடி திறந்ததும் பெரிய தேதியை மட்டும் நம்ப முடியாது, இரண்டில் எது முதலில் முடிகிறதோ அதுவே கெடு. மூன்று நாள் கணக்கு 11ஆம் தேதியோடு முடிந்தது. இதே காரணத்தால்தான் இரவு முழுவதும் மேடையில் மறந்து வைத்த கோழிக்கு இன்னும் இரண்டு நாள் கெடு இருந்தாலும் அது குப்பைக்குப் போகிறது. உறையில் சொன்ன குளிரில் வைத்திருந்தால் மட்டுமே அந்தத் தேதி செல்லும்.

இன்னொன்று: கோழியின் யூஸ் பை 12ஆம் தேதி. 12 இரவு ஒன்பது மணி. உறைய வைக்கலாமா? இங்கே 'ஆம்' என்பதே விடை. யூஸ் பை அந்த நாள் நள்ளிரவு வரை செல்லும். உறைய வைத்த தேதியை எழுதி ஒட்டி உள்ளே வைத்துவிடலாம். பிறகு உருக வைத்தால் 24 மணி நேரத்துக்குள் பயன்படுத்திவிட வேண்டும். அதே கோழியை மறுநாள் காலை ஏழு மணிக்குக் கண்டெடுத்தால் எறிய வேண்டியதுதான். இடையில் பத்து மணி நேரம், விடை தலைகீழ். கேள்வியில் 'இன்று' என்ற சொல்லுக்கும் 'நேற்று' என்ற சொல்லுக்கும் அடிக்கோடு போடும் பழக்கம் எனக்கு அன்று வந்தது.

தேர்வு நாளில் தேதி பற்றி மூன்று கேள்விகள் வந்தன. ஒன்று முட்டை. ஒன்று, தேதி முடிந்த உறையின் மேல் புதிய தேதி ஒட்டலாமா என்பது. கூடாது, தயாரிப்பாளர் இட்ட தேதியை உணவகம் மாற்றுவது குற்றம். மூன்றாவது நம் கோழிதான், ஆட்டிறைச்சி வேடத்தில் வந்திருந்தது. மூன்றும் சரி. மொத்தம் 26. போன நான்கும் சுத்தம் செய்யும் ரசாயனங்கள் பற்றியவை, அந்தப் பாடத்தை நான் புரட்டவே இல்லை.

சான்றிதழ் வந்த திங்கட்கிழமை காலை, குளிரறையைத் திறந்தால் கீழ்த்தட்டில் இரண்டு கிலோ கோழித் தொடை. நேற்றைய தேதி. மெல்ல முகர்ந்தேன், பழைய பழக்கம். ஒரு வாசனையும் இல்லை, பளபளவென்று இருந்தது. எடுத்துப்போய்க் குப்பையில் போட்டுவிட்டு, குறிப்பேட்டில் எடையையும் காரணத்தையும் எழுதினேன். வயிறு எரிந்தது. கிடங்கில் தேங்காய்ப்பால் டப்பாக்கள் ஆறு இருந்தன, பெஸ்ட் பிஃபோர் போன மாதம். யாழ்ப்பாணத்து அண்ணன் ஒவ்வொன்றாக எடுத்து, மேலும் கீழும் உப்பியிருக்கிறதா என்று அழுத்திப் பார்த்தார். ஓரத் தையலில் துரு தேடினார். ஒன்று நெளிந்திருந்தது, அதை ஒதுக்கினார். மீதி ஐந்தை என்னிடம் நீட்டி, "இப்ப முகர்ந்து பாரும் தம்பி, இதுக்கு அனுமதி இருக்கு" என்றார்.