'பீன்' போனதால் போன மதிப்பெண்

மாலை நேர ஆங்கில வகுப்பில் உயர்நிலைக்குப் போக ஒரு தகுதித் தேர்வு எழுத வேண்டும். அதில் வாக்கிய இணைப்புப் பகுதியில் வெட்டப்பட்ட மதிப்பெண்ணைத் திரும்பப் பெறுவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. பதிவு, கட்டணம், தேர்வு எல்லாம் தடையில்லாமல் முடிந்தன. தகராறு முழுவதும் இரண்டே கேள்விகளில்தான்.

முதல் கேள்வி இது: 'தி மேனேஜர் டோல்ட் ரவி டு வெயிட். ரவி சேட் டவுன்.' எச்சத் தொடர் வைத்து இரண்டையும் ஒரே வாக்கியமாக்க வேண்டும். 'ஹேவிங் பீன் டோல்ட் டு வெயிட், ரவி சேட் டவுன்' என்று எழுதியிருந்தேன். திருத்தியவர் 'பீன்' என்பதைச் சிவப்பு மையால் அடித்து மதிப்பெண்ணையும் குறைத்திருந்தார். நிறுவனத்தின் விடைக்குறிப்பில் இருந்தது 'ஹேவிங் டோல்ட் டு வெயிட்'.

எனக்குக் கொதித்தது. அந்த ஒரு சொல்லை எடுத்துவிட்டால், காத்திருக்கச் சொன்னவன் ரவி என்றாகிவிடுகிறது. மேலாளர் சொல்ல, ரவி கேட்டுக்கொண்டான் என்பதுதானே கேள்வி? 'ஹேவிங் ஃபினிஷ்ட்' என்றால் முடித்துவிட்டு. முடித்தவரே அடுத்த வேலையையும் செய்கிறார். 'ஹேவிங் பீன் டோல்ட்' என்றால் பிறர் சொல்லக் கேட்டபின். விடைக்குறிப்பின் வாக்கியத்தில் இன்னொரு ஓட்டையும் இருக்கிறது: 'டோல்ட்' என்றால் யாரிடம் சொன்னான் என்று பின்னால் வர வேண்டும். அந்த இடத்தில் ஆளே இல்லை.

அலுவலகத்தில் கேட்டேன். "விடைக்குறிப்பில் இல்லாததற்கு மதிப்பெண் போட முடியாது சார்" என்று எழுத்தர் முகம் பார்க்காமலே சொன்னார். மறுபார்வை விண்ணப்பத்தில் பாட ஆசிரியரின் கையெழுத்து வேண்டுமாம். அதற்காக விடுப்பு எடுத்துக்கொண்டு போன நாளில் ஆசிரியர் ஊரிலேயே இல்லை. முந்தைய நாளே தொலைபேசியில் கேட்டபோது அதைச் சொல்லியிருக்கலாம். நீங்கள் போனால், ஆசிரியர் வரும் நாளை அலுவலகத்தில் கேட்காமல் வகுப்பில் அவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.

ஆசிரியர் நல்லவர். "'பீயிங் டோல்ட்' என்று எழுதியிருக்கலாமே?" என்றார் முதலில். அதைப் பிழை என்று சொல்ல முடியாது. ஆனால் அதில் முன்பின் தெளிவாக இல்லை. சொல்லிக்கொண்டிருக்கும்போதே உட்கார்ந்தானா, சொன்னதால் உட்கார்ந்தானா என்று ஐயம் வரும். சொன்னவுடனே என்றால் முன்னால் 'ஆன்' சேர்த்து 'ஆன் பீயிங் டோல்ட்' என்பார்கள். ஒருமுறை நடந்து முடிந்த செயலுக்கு 'ஹேவிங் பீன் டோல்ட்' பொருத்தம். 'டோல்ட் டு வெயிட், ரவி சேட் டவுன்' என்று சுருக்கமாக எழுதினாலும் சரியே. எச்சத் தொடரை முழு வாக்கியமாக விரித்து, ரவியை எழுவாயாகப் போட்டுக் காட்டினேன்: விடைக்குறிப்பின்படி 'ரவி ஹேட் டோல்ட் டு வெயிட்', என் விடையின்படி 'ரவி ஹேட் பீன் டோல்ட் டு வெயிட்'. முதலாவதைப் படித்த உடனே கையெழுத்துப் போட்டுவிட்டார். இணைத்த எந்த வாக்கியத்தையும் இப்படி விரித்துப் பார்த்தால் பிழை தானாகத் தெரியும்.

இரண்டாவது கேள்விக்குத்தான் மனம் ஆறவில்லை. 'வீ ஃபினிஷ்ட் தி வொர்க். தி லைட்ஸ் வேர் ஸ்விட்ச்ட் ஆஃப்.' விடைக்குறிப்பு: 'ஹேவிங் ஃபினிஷ்ட் தி வொர்க், தி லைட்ஸ் வேர் ஸ்விட்ச்ட் ஆஃப்.' காற்புள்ளிக்குப் பின் வரும் எழுவாய்தான் எச்சத்துக்கும் உரியது என்பது ஆங்கில வழக்கம். இங்கே விளக்குகள் வேலையை முடித்திருக்கின்றன!

தமிழ்க் காதுக்கு இது உறுத்தாமல் போவதற்குக் காரணம் உண்டு. 'மழை பெய்து குளம் நிறைந்தது' என்கிறோம். பெய்தது மழை, நிறைந்தது குளம். இதைச் 'செய' என்னும் எச்சம் 'செய்து' என்னும் எச்சமாகத் திரிந்தது என்று நம் இலக்கணம் ஏற்றுக்கொள்கிறது. ஆங்கிலத்தில் எழுவாய் மாறினால் எச்சத் தொடருக்கும் அதன் எழுவாயைச் சொல்லியாக வேண்டும். அதனால்தான் 'தி வொர்க் ஹேவிங் பீன் ஃபினிஷ்ட், தி லைட்ஸ் வேர் ஸ்விட்ச்ட் ஆஃப்' என்று எழுதினேன். பேச்சில் யாரும் இப்படிச் சொல்லமாட்டார்கள். எழுத்தில் இது செல்லும். எச்சத் தொடர் வேண்டும் என்ற கட்டாயம் இல்லையென்றால் 'வென்' போட்டு எழுதுவதே இயல்பு.

ரவிக்கான மதிப்பெண் வந்தது. உயர்நிலையில் இடமும் கிடைத்தது. விளக்குக்கான மதிப்பெண் வரவில்லை. விடை 'ஹேவிங்' என்ற சொல்லில் தொடங்கவில்லை என்று காரணம் எழுதி அனுப்பினார்கள். அப்படித் தொடங்க வேண்டும் என்று கேள்வித்தாளில் ஒரு வரிகூட இல்லை. அடுத்த அணிக்கும் அதே விடைக்குறிப்பைத்தான் வைத்திருக்கிறார்கள். அங்கே தேர்வு எழுதுகிறவர்கள் திருத்திய தாளின் நகலைக் கேட்டு வாங்கிவிடுங்கள்; அது இல்லாமல் மறுபார்வைக்கு விண்ணப்பமே எடுத்துக்கொள்ளமாட்டார்கள்.